கமிஷன் ஸ்டேட்மென்டில் பணம் எங்கே குறைகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆகி நாலு மாதம். முதல் வருஷம் 35% என்றார்கள். பிரீமியத்தைப் பெருக்கிப் பார்த்தால் வங்கியில் வந்தது பாதிகூட இல்லை. ஸ்டேட்மென்டை எப்படிப் படிப்பது?"

அந்த 35% என்பது ஒரே விகிதம் இல்லை. குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. என் கம்பெனியில் நான் போட்ட திட்டத்துக்கு முதல் வருஷக் கமிஷன் பிரீமியத்தில் 25%. போனஸ் கமிஷன் என்பது அந்தக் கமிஷனில் 40%, பிரீமியத்தில் அல்ல. இரண்டும் சேர்ந்துதான் 35%. உங்கள் திட்டத்துக்கு விகிதம் வேறாக இருக்கலாம், ஆனால் படிக்கும் முறை இதுதான்.

என் பழைய மாதக் கணக்கு ஒன்றையே சொல்கிறேன். இரண்டு பாலிசி போட்டிருந்தேன்: ஒன்று ஆண்டுக்கு 40,000, மற்றது 48,000. மொத்தம் 88,000, அதில் 35% என்றால் 30,800 என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால் இரண்டாவது பாலிசிக்காரர் காலாண்டுத் தவணை கேட்டிருந்தார். அதனால் பிரீமியம் கட்டத்தில் 12,000 மட்டுமே இருந்தது. மிச்சம் அவர் கட்டக் கட்டத்தான் வரும். ஆக கமிஷன் 10,000 + 3,000, போனஸ் 4,000 + 1,200. மொத்தம் 18,200.

அதற்குக் கீழே பழைய பாலிசி ஒன்றின் புதுப்பிப்பு: 20,000க்கு 5%, அதாவது 1,000. புதுப்பிப்புக்குப் போனஸ் கிடையாது, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதற வேண்டாம்.

அப்புறம்தான் மைனஸ் வரிசை. முந்தைய மாதம் 16,000 பிரீமியத்தில் போட்ட ஒரு பாலிசியை, வாடிக்கையாளர் 30 நாள் பரிசீலனைக் காலத்துக்குள் ரத்து செய்திருந்தார். கொடுத்த கமிஷனைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது: கமிஷன் 4,000, போனஸ் 1,600. செக் திரும்பினாலும் இப்படித்தான். சில ஸ்டேட்மென்டில் இதற்கு 'ரெகவரி' என்றோ 'ரிவர்சல்' என்றோ பெயர் இருக்கும். சிலதில் பெயரே இருக்காது, எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு மட்டும்.

மீதி 13,600. அதில் 2% டிடிஎஸ் 272 போக வங்கிக்கு வந்தது 13,328. (டிடிஎஸ் போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம்.)

மைனஸ் வரிசையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அதன் பாலிசி எண்ணை வைத்து முந்தைய மாத ஸ்டேட்மென்டில் பிளஸ் வரிசையைத் தேடுங்கள். நான் தேடியபோது 4,000 இருந்தது, போனஸ் 1,600 இல்லை. அவர்கள் எனக்குத் தராத போனஸைத் திரும்பப் பிடித்திருந்தார்கள்! இரண்டு ஸ்டேட்மென்டிலும் அந்த வரிசையை அடிக்கோடிட்டுக் கிளைக்கு எடுத்துப்போனேன். அடுத்த மாதம் 1,600 தனி வரிசையாக வந்து சேர்ந்தது.