சீட்டு குறைந்த பெட்டிக்குப் புகார்க் கடிதம்

"புதிதாக வாங்கிய போர்டு கேமில் 3 சீட்டுகள் இல்லை, பலகையும் மடிப்பில் கிழிந்திருக்கிறது. பதிப்பாளருக்கு மரியாதையாக, ஆனால் அழுத்தமாக எப்படி எழுதுவது?"

3 சீட்டு மட்டும் கேட்காதீர்கள், முழுக் கட்டையும் கேளுங்கள். வேறு அச்சில் வந்த சீட்டின் பின்புற நிறம் சற்றே மாறினாலும், கவிழ்த்து வைத்திருக்கும்போதே அடையாளம் தெரிந்துவிடும். பிறகு ஆட்டமே கெட்டுவிடும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். விதிப்புத்தகப் பட்டியலில் 54 சீட்டுகள். பெட்டியில் இருந்தவை 51. பலகை மடிப்பில் கிழிந்துள்ளது. படங்கள், ரசீது, பெட்டியின் அடியிலுள்ள தயாரிப்பு எண் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஒரே அச்சில் வந்த முழுச் சீட்டுக்கட்டும் புதிய பலகையும் கட்டணமின்றி அனுப்புங்கள். இயலாவிட்டால் முழுத் தொகையைத் திருப்பித் தரவும். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

கிழிசலை அருகில் ஒரு படம், முழுப் பலகையாக ஒரு படம் எடுங்கள். பதில் வரும்வரை பெட்டியையும் டோக்கன் பிரித்தெடுத்த அட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.