ஒரு பாருக்கு 0.0074 டிகிரிதான், அதற்கு மேல் இல்லை

கேள்வி: பனிக்கட்டியின் உருகல் என்தால்பியும் மோலார் கனஅளவு மாற்றமும் வைத்து, 1 பார் அழுத்தத்துக்கு உருகுநிலை எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டேன். 0.0074 டிகிரிதான் வருகிறது. இவ்வளவு சின்னதா? அப்புறம் ஸ்கேட்டிங் செய்பவர் காலடியில் பனி உருகுவது எப்படி? எங்கே தப்பு?

பதில்:

கணக்கு சரி. தப்பு, பிளேடின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்ற ஸ்கேட்டிங் கதையில் இருக்கிறது.

முதலில் எண்களை ஒருமுறை சரிபார்த்துவிடலாம். கிளாப்பிரான் சமன்பாட்டை இப்படித் திருப்பி எழுதலாம்:

```
dT/dP = T ΔV / ΔH
```

0 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் பனி 19.65 செ.மீ³ இடம் பிடிக்கும். அதுவே உருகி நீரானால் 18.02 செ.மீ³. ஆக ΔV = −1.63 செ.மீ³, அதாவது −1.63 × 10⁻⁶ மீ³. ΔH = 6008 ஜூல், T = 273.15 கெல்வின். போட்டால் பாஸ்கலுக்கு −7.4 × 10⁻⁸ கெல்வின் வரும். ஒரு பார் என்பது 10⁵ பாஸ்கல், எனவே −0.0074. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க 135 பார் வேண்டும்.

கல்லூரியில் நான் இதை முதலில் போட்டபோது செ.மீ³-ஐ மாற்றாமல் விட்டு, ஒரு பாருக்கு 7,400 டிகிரி குறையும் என்று விடை எழுதினேன். அந்த மாதிரித் தப்பு நல்லது, பார்த்ததுமே தெரிந்துவிடும். கிலோஜூலை ஜூல் என்று நினைத்து 6.008 போட்டால் 7.4 டிகிரி வரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் இதுதான் ஆபத்து. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, அங்கே அழுத்தம் 611 பாஸ்கல்தான். அங்கிருந்து 1 வளிமண்டல அழுத்தத்துக்கு வந்தால் 0 டிகிரி. இந்த 0.01 இறக்கத்தில் சுமார் 0.0075 அழுத்தத்தால் வருவது, மீதி நீரில் கரைந்திருக்கும் காற்றால் வருவது. உங்கள் விடை இதோடு அழகாகப் பொருந்துகிறது.

இப்போது ஸ்கேட்டிங். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், பிளேடு 30 செ.மீ நீளம், 3 மி.மீ அகலம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 6.5 பார், உருகுநிலை இறங்குவது 0.05 டிகிரி. பிளேடு முழுக்கப் பனியைத் தொடாதே என்று நீங்கள் கேட்கலாம். சரி, இருபதில் ஒரு பங்குதான் தொடுகிறது என்று வையுங்கள். அப்போதும் 130 பார்தான், ஒரு டிகிரிகூட முழுசாக இறங்கவில்லை. பனியோ −5 டிகிரியில் இருக்கிறது, −20-லும் ஆட்கள் சறுக்குகிறார்கள். உண்மையில் அங்கே வேலை செய்பவை வேறு இரண்டு. ஒன்று உராய்வு வெப்பம். இதை பௌடனும் ஹியூஸும் 1939-இல் சோதனை செய்து காட்டினார்கள். மற்றது, எந்த அழுத்தமும் இல்லாமலே பனியின் மேற்பரப்பில் இருக்கும் நீர் போன்ற மெல்லிய படலம். இந்தப் படலத்தைப் பற்றி ஃபாரடே 1850-இலேயே பேசியிருக்கிறார்.

அப்படியானால் இந்தச் சமன்பாடு பனியில் எங்கேதான் பலன் தரும்? கிலோமீட்டர் கணக்கில் பனி அடுக்கி இருக்கும் இடத்தில். அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் ஏரிக்கு மேல் ஏறக்குறைய 4 கி.மீ பனி இருக்கிறது. அடர்த்தி 917, ஈர்ப்பு 9.81, உயரம் 4000 என்று பெருக்கினால் 360 பார். அதை 0.0074-ஆல் பெருக்கினால் 2.7 டிகிரி. அந்த ஏரியின் நீர் சுமார் −3 டிகிரியில் உறையாமல் இருப்பதாகச் சொல்கிறார்கள். பேனாவும் தாளும் வைத்துப் போட்ட கணக்குக்கு இது போதும் என்பேன். ஆனால் ஒன்று: அழுத்தம் உருகுநிலையை இறக்க மட்டும்தான் செய்கிறது. பனியை உருக்கும் வெப்பம் கீழே பூமியிலிருந்து வர வேண்டும். மேலே இருக்கும் தடித்த பனி அது தப்பிப் போகாமல் போர்வையாக இருக்கிறது.

இதே நேர்கோட்டை எவ்வளவு தூரம் நீட்டலாம்? சில நூறு பார் வரை பயமில்லை. அதற்கு மேல் அது பொய் சொல்லத் தொடங்கும். 2,100 பாரில் நேர்கோடு −15.5 டிகிரி என்று சொல்லும், அளந்தால் −22. காரணம், ΔV, ΔH இரண்டையும் மாறிலி என்று நாம் எடுத்துக்கொண்டது. நீர் பனியைவிட எளிதில் அமுங்கும், அதனால் அழுத்தம் ஏற ஏற ΔV-இன் அளவு கூடுகிறது; வெப்பநிலை இறங்க இறங்க ΔH குறைகிறது. இரண்டும் சாய்வை ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. அந்த −22-ஐத் தாண்டினால் நமக்குப் பழக்கமான பனியே இருக்காது. மூன்றாம் வகைப் பனி உருவாகிவிடும். அது நீரைவிட அடர்த்தியானது, ΔV-இன் குறி மாறிவிடும். அங்கிருந்து அழுத்தம் கூடக் கூட உருகுநிலை ஏறத் தொடங்கும்.