மேடை இல்லை, வட்டம் மட்டும்: ஐந்தாம் வகுப்போடு கும்மி

கேள்வி: நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு ஒரு கிராமிய ஆட்டம் சொல்லித் தர ஆசை. ஆண்டு விழாவுக்கு இல்லை, சும்மா ஆடத்தான். ஆனால் "ஆடலாமா?" என்றாலே பாதிப் பேர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கும்மியிலிருந்து தொடங்குங்கள். கோலாட்டம் வேண்டாம். அதில் ஒருவர் தப்பினால் எதிரில் இருப்பவரின் விரலில் அடி விழும், தப்பியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கும்மியில் ஜோடி கிடையாது, கை கோக்க வேண்டியதும் இல்லை. பத்து வயதில் பையன் பெண் கை கோக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கொங்குப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் 24 பேர். வேப்பமரத்தடியில் சாக்பீஸால் ஐந்தரை மீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டோம். ஆளுக்கு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கிடைக்கும். முதல் நாள் நான் வட்டத்தின் நடுவில் நின்று ஆடிக் காட்டினேன். பாதிப் பேருக்கு என் முதுகுதான் தெரிந்தது. அது போக, நடு என்றாலே அது மேடை, அங்கே யாரும் வரமாட்டார்கள். அப்புறம் கோட்டின் மேலேயே, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், 25ஆவது ஆளாக நின்றேன்.

'என்னைப் போலச் செய்' என்பதை இரண்டு விதமாக நடத்தலாம். நான் செய்து நிறுத்த, அவர்கள் திருப்பிச் செய்வது ஒன்று. நான் செய்துகொண்டே இருக்க, அவர்கள் நிழல் மாதிரி கூடவே வருவது இன்னொன்று. வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் முதலில் வர வேண்டும். நிறுத்திவிட்டு "இப்போ நீங்க" என்றால் ஒரு நொடி அமைதி வரும். எல்லோரும் எல்லோரையும் பார்ப்பது அந்த நொடியில்தான். நிழலாட்டத்தில் நிறுத்தமே இல்லை. தப்பினவர் அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். திருப்பிச் செய்வதை நான் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் கொண்டுவந்தேன்.

ஸ்பீக்கர் வைக்காதீர்கள். சினிமாப் பாட்டு ஓடினால் அவர்கள் மனதில் உடனே ஆண்டு விழா வந்துவிடும். நீங்களே "தன்னானே தானே" என்று தாழ்ந்த குரலில் பாடினால் போதும். நான் பயன்படுத்தும் மெட்டு 'தகிட, தகிட' என்று மூன்று மூன்றாக நடக்கும். தட்டு 'த'வில் விழ வேண்டும். நாலு நாலாக எண்ணிப் பழகிய பிள்ளைகள் பிந்தித் தட்டுவார்கள். கண்ணை மூடிக் கேளுங்கள்: சேர்ந்து விழுந்தால் ஒரே 'டப்', சேரவில்லை என்றால் தூறல் மாதிரி சலசலப்பு. சலசலத்தால் யாரையும் திருத்த வேண்டாம், உங்கள் பாட்டை மெதுவாக்குங்கள், தானாகச் சேரும்.

இனி நான் இடறின இடம். இரண்டாவது நாளே பக்கவாட்டு அடியைக் கொண்டுவந்தேன். நான் வட்டத்தின் தெற்கில், நடுவைப் பார்த்து நிற்கிறேன். வலது பக்கம், அதாவது கிழக்கே, ஓர் அடி வைத்தேன். எனக்கு நேர் எதிரே வடக்கில் நின்றவளுக்கு அது அவளுடைய இடது கைப் பக்கமாகத் தெரிந்தது. பார்த்ததை அப்படியே செய்தாள், அவளும் கிழக்கே வந்தாள். இரண்டு பாதி வட்டமும் கிழக்குப் பக்கம் வந்து முட்டிக்கொண்டன. ஒரே சிரிப்பு. சிரிக்காத நாலு பேர் அதற்குப் பிறகு இரண்டு நாள் வட்டத்துக்கு வரவில்லை. "மரத்துப் பக்கம் போங்க" என்று சொல்லிப் பார்த்தேன், அது இன்னும் மோசம். வட்டத்தில் மரம் ஒருவருக்கு வலப்புறம், இன்னொருவருக்கு முதுகுப்புறம்.

தப்பு பிள்ளைகளுடையது இல்லை, அடவுகளை நான் அடுக்கிய வரிசைதான் தப்பு. இடம் வலம் இல்லாத அசைவுகளை முதலில் வைக்க வேண்டும்: நெஞ்சருகே தட்டு, குனிந்து முழங்காலருகே தட்டு, உள்ளே ஓர் அடி, பின்னே ஓர் அடி. இவற்றை எதிரே நின்று பார்த்தாலும் குழப்பம் வராது. இதையே இரண்டு வாரம் ஆடினோம், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம், வாரம் இரண்டு தடவை. அதற்கு அப்புறம்தான் பக்கவாட்டு அடி. அதற்கும் எல்லோர் வலது மணிக்கட்டிலும் ஒரு நூல் கட்டிவிட்டு "நூல் கட்டின கைப் பக்கம்" என்றேன். எதிரே பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நகரவும் சொன்னேன்.

முழு அடவு நான்கு 'தகிட'தான். முதலாவதில் வலது கால் பக்கத்தில். இரண்டாவதில் இடது கால் வந்து சேரும். மூன்றாவதில் வலது கால் உள்ளே, குனிந்து தட்டு. நான்காவதில் வலது கால் பின்னே வரும், நிமிர்ந்து தட்டு. இந்த நான்காவதில்தான் பொறி இருக்கிறது. திரும்பி வந்த வலது காலில் எடையைப் போட்டுவிட்டால், அடுத்த அடவு தொடங்கும்போது அந்தக் காலைத் தூக்க முடியாது, பிள்ளை ஒரு துள்ளு துள்ளித் தடுமாறும். தொடக்கத்தில் துள்ளுகிற பிள்ளையைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். "கோலத்து மேல கால் பட்டுடாம வைக்கிற மாதிரி வை" என்றேன். எடை என்ற சொல்லே தேவைப்படவில்லை.

"இது பொம்பளப் புள்ளைங்க ஆட்டம்ங்க டீச்சர்" என்று ஒருவன் சொன்னான். எங்கள் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்கள் ஆடிய ஆட்டம். பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதைச் சொன்னதும் சத்தம் அடங்கியது.

ஒரு பையன் மூன்று வாரமும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டே நின்றான். விட்டுவிட்டேன். விரும்பினால் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டித் தாளம் போடலாம், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லியிருந்தேன். அவன் அதற்கும் போகவில்லை. ஆனால் கால் மட்டும் அசைய ஆரம்பித்தது. "பாருங்க, அவன் ஆடறான்!" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அன்றோடு நின்றிருக்கும். பேர் சொல்லிப் பாராட்டுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு மேடைதான்.

வட்டம் பழகிய பிறகு, ஆட்டத்தை முன்னெடுப்பதைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு தலையசைப்பில் கைமாற்றினோம். புதிதாக எதுவும் செய்யத் தோன்றாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் அடவையே தொடரலாம், இது ஒன்றுதான் விதி. அதனால் மாட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டிய நிலையே யாருக்கும் வராது. அந்தப் பையன் முறை வந்தபோது ஓடிக்கொண்டிருந்ததையே இரண்டு தடவை ஆடி, தலையை ஆட்டி அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டான்.

ஒரு நாள் வந்திருந்த ஒருவர் நல்லெண்ணத்தில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அடுத்த வகுப்பில் மூன்று பேர் சுவரோரம் போய் நின்றார்கள். அதிலிருந்து கும்மி நடக்கும்போது போன் வகுப்பறையில் இருக்கும், என்னுடையதும்தான். ஆண்டு விழாவுக்குக் கேட்டபோது, விருப்பப்பட்ட எட்டுப் பேரை வைத்துத் தனியாக, வேறு நேரத்தில் பழக்கினேன். வேப்பமரத்தடி வட்டம் எப்போதும் போல நடந்தது.