பலகையில் தேங்கும் அட்டைகள்: உச்சவரம்பு பற்றிய கேள்வி பதில்

மென்பொருள் பராமரிப்புக் குழுக்களில் 12 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக எழுதி, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டுவது கன்பான் பலகை. அதில் நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைப்பது பற்றியும், வைத்த வரம்பு எங்கே ஒழுகுகிறது என்பது பற்றியும் கேளுங்கள்.

மேடம், நாங்கள் 4 நிரலாளர்கள், 2 சோதனையாளர்கள். பலகையில் 24 அட்டைகள் முடியாமல் நிற்கின்றன. எந்தக் கட்டத்துக்கு என்ன எண் போடுவது? (கோவையிலிருந்து ஒரு குழுத் தலைவர்)

எண் போடும் முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள். கடந்த 2 மாதங்களில் வாரத்துக்கு எத்தனை அட்டைகள் முழுதாக முடிந்து வாடிக்கையாளர் கைக்குப் போயின? 4 என்று வைத்துக்கொள்வோம். 24 அட்டைகள் நிற்கின்றன, வாரம் 4 வெளியேறுகின்றன என்றால், ஓர் அட்டை நுழைந்து வெளியேறச் சராசரியாக 6 வாரம் ஆகும். வாரம் 4 என்ற வேகம் மாறாதவரை, உங்கள் ஆட்கள் இரவு பகலாக உழைத்தாலும் அந்த 6 வாரம் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி காத்திருப்பு. நிற்பவற்றை 12 ஆக்கி, அதே வாரம் 4 என்ற வேகத்தைக் காத்தால் 3 வாரம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதுதான்.

ஆக, மொத்தம் 12 என்று தொடங்கி, அதைப் பிரியுங்கள்: உருவாக்கத்துக்கு 6, சோதனைக்கு 4, வெளியீட்டுக்கு 2. சோதனைக்கு என்று நான் சொல்லும் 4-இல், சோதனையாளர் இன்னும் கையில் எடுக்காமல் காத்திருக்கும் அட்டைகளும் அடக்கம். 'உருவாக்கம் முடிந்தது' என்று நடுவில் வரம்பில்லாத ஒரு கட்டம் வைத்தால், தேக்கம் முழுவதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது இருக்கும் 24-ஐ ஒரே நாளில் வெட்ட முடியாது. ஒவ்வோர் அட்டையையும் திறந்து, கடைசியாக யாராவது அதைத் தொட்ட தேதியை அதன் மேல் எழுதுங்கள். நான் ஒரு குழுவில் இதைச் செய்தபோது 9 அட்டைகளை ஒரு மாதமாக யாரும் தொட்டிருக்கவில்லை. அந்த வேலைகளைக் கேட்டவர்களிடம் தொலைபேசியில் பேசினோம். 3 பேர், "அதை வேறு வழியில் சரிசெய்துகொண்டோம், வேண்டாம்" என்றார்கள். 4 அட்டைகள், இன்னும் தொடங்காத வேலைகளின் முன்பட்டியலுக்குத் திரும்பின. மிச்சம் 2 மட்டுமே உண்மையான வேலை. இந்தக் கழிப்பு முடிந்ததும், எண்ணிக்கை வரம்புக்குள் வரும்வரை புதிதாக எதையும் தொடங்காதீர்கள். வெளியீட்டுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் முடியுங்கள்.

பலகையை ஜிரா மென்பொருளில் வைத்திருக்கிறோம், அதில் ஒரு கட்டத்துக்கு உச்சவரம்பு 4 என்று போட்டேன். ஆனாலும் 5-ஆவது அட்டையை உள்ளே இழுக்க முடிகிறதே? ஏதாவது அமைப்பு விட்டுப்போயிற்றா?

எதுவும் விட்டுப்போகவில்லை. அந்தக் கட்டம் சிவப்பாகும், அவ்வளவுதான், தடுக்காது. சிவப்பைக் கண்டதும் பேச வேண்டியது மனிதர்கள். காலைக் கூட்டத்தின் முதல் பேச்சு அதுவாக இருக்கட்டும்.

சோதனைக் கட்டம் நிரம்பிவிட்டால் நிரலாளர் சும்மா உட்கார வேண்டுமா? சம்பளம் கொடுக்கிறவர் ஒப்புக்கொள்வாரா?

சும்மா உட்கார வேண்டாம், ஆனால் புதிய அட்டையைத் தொடங்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிறைய வேலை இருக்கிறது.

ஒரு புதன்கிழமை காலை எங்கள் சோதனைக் கட்டத்தில் 4-க்கு 4 நின்றது. ஒரு நிரலாளருக்குக் கையில் வேலை இல்லை. அவர் எழுந்து போய்ச் சோதனையாளரின் பக்கத்தில் உட்கார்ந்தார். 4-இல் 2 அட்டைகள் நின்றதற்குக் காரணம், சோதனைத் தரவுத்தளத்தில் பழைய விலைப்பட்டியல் இருந்தது. சோதனையாளர் ஒவ்வொரு முறையும் அதைக் கையால் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு திருத்தத்துக்கு 40 நிமிடம். நிரலாளர் அரை நாளில் அதைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மாலைக்குள் 2 அட்டைகளும் நகர்ந்துவிட்டன. வரம்பு இல்லாதிருந்தால் அவர் அன்று காலை புதிய அட்டை ஒன்றைத் தொடங்கியிருப்பார். அந்த 40 நிமிடம் யார் கண்ணுக்கும் தெரியாமல் பல மாதம் போயிருக்கும். மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் சோதனையாளர். நிரலாளர்கள் எங்களுக்கு 'உதவ' வந்தால் அவசரமாகச் சரி என்று குறியிட்டுவிடுகிறார்கள். அது உதவியா?

இல்லை. தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும். தரவு, சூழல், திரும்பத் திரும்பச் செய்யும் சரிபார்ப்பு ஆகியவற்றை மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் ஒரு குழு வரம்பு வைத்ததாலேயே, ஒரு கோரிக்கை முடிய ஆன 155 நாளை 14 நாளாக்கியது என்று படித்தேன். அப்படியானால் வரம்பைப் பாதியாக்கினால் உற்பத்தி இரண்டு மடங்காகும், சரிதானே?

பாதி சரி. 2004-05-இல் ஹைதராபாத்திலிருந்து இயங்கிய பராமரிப்புக் குழு அது. மென்பொருள் வேலைக்குக் கன்பானைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வரம்பு மட்டும் வேலை செய்யவில்லை. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நாளாகும் என்று மதிப்பீடு எழுதுவதிலேயே அவர்களுடைய நேரத்தில் கணிசமான பங்கு போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். பிறகு உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் இருந்த ஆள் விகிதத்தையும் மாற்றினார்கள்.

லிட்டில் விதி சொல்வது காத்திருக்கும் காலத்தைப் பற்றி. வரம்பைப் பாதியாக்கினால், வேகம் மாறாதவரை காலம் பாதியாகும். வேகம் தானாக இரட்டிப்பாகாது. வரம்பை மிகவும் இறுக்கினால் வேகமே குறையும்: ஓர் அட்டை சிக்கினால் பின்னால் இருப்பவர் எல்லோரும் நிற்க வேண்டிவரும். வாரத்துக்கு 4 முடிந்தது 3 ஆகிவிட்டால் அந்த இறுக்கம் அதிகம் என்று பொருள், ஒன்றைக் கூட்டிவிடுங்கள்.

வாடிக்கையாளர் பதிலுக்காக நிற்கும் அட்டைகளை 'தடைபட்டவை' என்று தனிக் கட்டத்தில் வைத்திருக்கிறோம். அதற்கு வரம்பு இல்லை. நன்றாகத்தான் போகிறது. (சென்னை, வாடிக்கையாளர் சேவைக் குழு)

நன்றாகப் போவதுபோல் தெரிகிறது, ஏனென்றால் தேங்கியதை வரம்புக்கு வெளியே தள்ளிவிட்டீர்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். தடைபட்ட அட்டை எந்தக் கட்டத்தில் நின்றதோ அங்கேயே சிவப்புக் குறியோடு நிற்கட்டும், எண்ணிக்கையிலும் சேரட்டும். அது இடத்தை அடைத்துக்கொண்டு உறுத்த வேண்டும். உறுத்தினால்தான் யாராவது தொலைபேசியை எடுப்பார்கள்.

மன்னிக்கவும், ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் வாடிக்கையாளர் பதில் தர 2 வாரம் எடுக்கிறார். நாங்கள் எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் அதே 2 வாரம்தான். வரம்பு 6 என்றால், 5 அவருக்காகவே நிற்கும். 6 பேர் ஒரே அட்டையைச் சுற்றி உட்காருவதா? (அதே சென்னை வாசகர்)

உங்கள் சங்கடம் உண்மையானது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த 5 அட்டைகளும் வாடிக்கையாளரிடம் எந்தக் கேள்விக்காக நிற்கின்றன? வேலையைத் தொடங்கிய பிறகு எழுந்த கேள்வியா, தொடங்கும் முன்பே கேட்டிருக்கக்கூடியதா?

பார்த்துவிட்டு வந்தேன். 5-இல் 3, எந்தக் கிளையின் கணக்கு என்ற விவரம் இல்லாததால் நிற்கின்றன.

அந்த 3-உம் உள்ளேயே வந்திருக்கக் கூடாது. கிளை விவரம் இல்லாமல் எந்த அட்டையும் உருவாக்கத்துக்குள் நுழையாது என்று ஒரு விதி போடுங்கள். மிச்சம் 2-ஐ எண்ணிக்கையில் சேருங்கள்.

குறுக்கிடுகிறேன். நான் வங்கி மென்பொருள் குழுவில் இருக்கிறேன். எங்களுக்கு வெளியார் ஒப்புதல் என்பது சட்டப்படியான நடைமுறை. கேள்வி எதுவும் பாக்கியில்லை, வெறும் காத்திருப்பு. அதை எண்ணுவதில் என்ன பயன்?

வழக்கமாக, எல்லா அட்டைக்கும் வரும் காத்திருப்பு என்றால் அது தடை அல்ல, ஒரு கட்டம். 'ஒப்புதலில்' என்று அதற்குப் பெயரிட்டு அதற்கென்று தனி வரம்பு கொடுங்கள். அது நிரம்பினால், ஒப்புதல் தருபவர் தாங்கக்கூடியதைவிட அதிகம் அனுப்புகிறீர்கள் என்று தெரியும்.

(சென்னை வாசகர்) அப்படியானால் எங்கள் 2 வார வாடிக்கையாளரும் ஒரு கட்டம்தானே? நான் வைத்திருப்பதும் அதுதானே?

வரம்போடு வைத்தால் ஆம். வரம்பில்லாமல் வைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன். எந்த எண் என்பதில் நீங்களும் நானும் இன்று ஒன்றுபடப் போவதில்லை. 3 என்று போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அக்கா, நான் கணினி ஆள் இல்லை, திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் வெட்டிப்போட்ட ரவிக்கைத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் மூவர், ஊக்கு வைத்து ஓரம் அடிக்க ஓர் அம்மா மட்டும். இதற்கும் பொருந்துமா?

மிக நன்றாகப் பொருந்தும். உங்கள் கடையில் வேகத்தை முடிவுசெய்பவர் அந்த அம்மாதான். அவர் ஒரு நாளில் எத்தனை ரவிக்கை முடிப்பார் என்று எண்ணுங்கள். 15 என்றால், அவர் பக்கத்தில் தைத்து முடித்தவை 30-க்கு மேல் சேரக் கூடாது. ஒரு கூடை வையுங்கள். கூடை நிரம்பினால் தைப்பவரில் ஒருவர் எழுந்து ஊக்கு வைக்கட்டும், வெட்டுபவர் கத்தரியைக் கீழே வைக்கட்டும். வெட்டாத துணியைத் திருப்பிக் கொடுக்கலாம், அளவு மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய துணியை முடித்தே ஆக வேண்டும்.

5 பேர் குழுவுக்கு என்ன எண் போடலாம்?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

8 பேர் குழுவுக்கு?

அதேதான். ஆள் எண்ணிக்கையிலிருந்து எண் வராது. வாரத்துக்கு எத்தனை முடிகிறது, எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதிலிருந்து வரும்.

அவசர வேலை வந்தால் வரம்பை மீறலாமா?

தனி வரிசை ஒன்று வையுங்கள். அதன் வரம்பு 1. இரண்டாவது அவசரம் வந்தால், முதலாவதைக் கேட்டவரும் இரண்டாவதைக் கேட்டவரும் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யட்டும். குழுவின் தலையில் அதைப் போடாதீர்கள்.

'தடைபட்டவை' என்று ஒரு கட்டம் வைக்கலாமா?

வரம்பு இல்லாமல் வைக்காதீர்கள். மேலே நீளமாகப் பேசியிருக்கிறோம்.

கன்பான் சான்றிதழ் எது நல்லது?

இது என் துறை இல்லை. அண்மையில் எழுதித் தேறியவர்களிடம் கேளுங்கள்.

மேடம், கோவையிலிருந்து மீண்டும் நான். நீங்கள் சொன்னபடி எண்ணத் தொடங்கி, ஒவ்வொருவர் மேசைக்கும் போய்க் கேட்டேன். பலகையில் 24, ஆனால் மின்னஞ்சலிலும் வாய்வார்த்தையிலும் வந்து, பலகைக்கே வராமல் இன்னும் 7 வேலைகள் நடக்கின்றன. 31 ஆகிவிட்டது. 31-ஐ 4-ஆல் வகுக்கவா?

அவசரப்படாதீர்கள். அந்த மாதிரி வேலைகள் முடிந்தபோதும் பலகையில் பதிவாகியிருக்காது. ஆகவே வாரத்துக்கு 4 என்ற எண்ணும் குறைவாகத்தான் இருக்கும். அந்த 7-ஐயும் நாளைக் காலையே அட்டையாக்கி ஒட்டுங்கள். இனி வாய்வழி வருவதையும் அப்படியே செய்யுங்கள். 4 வாரம் எண்ணிவிட்டு இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவரை வரம்பு போட வேண்டாம். போட்டால், வேலை மொத்தமும் பலகையை விட்டு மின்னஞ்சலுக்குள் போய்விடும்.