கற்றல் வளைவுக் கணக்கில் அடுத்த 4 இயந்திரங்களுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: "முதல் இயந்திரத்தைப் பொருத்த 100 மணி நேரம், கற்றல் விகிதம் 80%. 4 இயந்திரங்கள் முடிந்துவிட்டன. இன்னும் 4 வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார், அதற்கான செலவு என்ன என்பது கணக்கு. 8 இயந்திரங்களுக்கு 51.2 மணி என்று வருகிறது, அதை 4ஆல் பெருக்கி 204.8 என்று போட்டேன். விடையில் 153.6 என்று இருக்கிறது. எங்கே தவறு?"

51.2 என்பதை நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் அது எதனுடைய மணி நேரம் என்பதில்தான் சறுக்கல். 8 இயந்திரங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கு வரும் சராசரி அது. தட்டுத்தடுமாறிச் செய்த முதல் இயந்திரத்தின் 100 மணியும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறது. அந்த 100 மணி ஏற்கெனவே செலவழிந்து, முதல் ஆர்டரில் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. 51.2ஐ 4ஆல் பெருக்கும்போது அதன் ஒரு பங்கை இரண்டாம் ஆர்டரின் தலையிலும் கட்டுகிறீர்கள்.

அதனால் சராசரியை நேரடியாகப் பெருக்காதீர்கள். இரண்டு மொத்தங்களை எடுத்துக் கழியுங்கள். 1 இயந்திரத்துக்குச் சராசரி 100. எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் சராசரி 80% ஆகக் குறையும்: 2க்கு 80, 4க்கு 64, 8க்கு 51.2. 4 இயந்திரங்களின் மொத்தம் 4 × 64 = 256 மணி. 8 இயந்திரங்களின் மொத்தம் 8 × 51.2 = 409.6 மணி. வித்தியாசம் 153.6. அதாவது அடுத்த நான்கும் ஒன்றுக்கு 38.4 மணி வீதம் முடியும். சராசரி 51.2இல் நிற்கும்போது புதிதாகச் செய்பவை 38.4தானா என்று முதலில் நம்பமுடியாது. ஆனால் முதல் நான்கின் சராசரி 64. எட்டின் சராசரியை 51.2க்கு இழுக்க வேண்டுமென்றால் பின்னால் வரும் நான்கும் அதற்கும் கீழே போயே ஆக வேண்டும்.

இதே 80%க்கு இன்னொரு வாசிப்பும் உண்டு, குழப்பம் பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. 1936இல் டி. பி. ரைட் விமானத் தயாரிப்புச் செலவை வைத்து எழுதிய கட்டுரையில் குறைவது ஒட்டுமொத்த சராசரி. செலவுக் கணக்கியல் பாடங்களில் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பிற்பாடு வந்த இன்னொரு முறையில் குறைவது அந்தந்த இயந்திரத்தின் தனி நேரம். அப்படிப் பார்த்தால் 51.2 என்பது 8ஆவது இயந்திரம் ஒன்றுக்கு மட்டும் ஆகும் நேரம், அடுத்த நான்கின் மொத்தம் சுமார் 220.4 மணி. உங்கள் 204.8 இரண்டு முறையிலும் வராது. கணக்கில் "சராசரி" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, மணி நேரம் வந்தாயிற்று, செலவுக்கு வருவோம். ஒரு இயந்திரத்துக்கு மூலப்பொருள் 2,000, கூலி மணிக்கு 50, உழைப்பு நேரத்தோடு ஏறி இறங்கும் மேற்செலவு மணிக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருளுக்குக் கற்றல் கிடையாது: கை பழகிவிட்டது என்பதற்காக இரும்பு குறைவாகச் செலவாகாது. அது 8,000. மணி நேரத்தைப் பின்தொடரும் இரண்டும் சேர்ந்து 153.6 × 70 = 10,752. ஆக மொத்தம் 18,752. நீங்கள் போட்ட மணிக்கணக்கில் இது 22,336 ஆகியிருக்கும். அந்த விலையோடு போனால் ஆர்டர் கைநழுவலாம்.

எண்ணிக்கை இரட்டிப்பில் அமையாதபோது, உதாரணமாக 7 இயந்திரங்களின் சராசரி வேண்டுமென்றால், விரிதாளில் இப்படிப் போடலாம்:

```
=100*7^(LOG(0.8)/LOG(2))
```

விடை சுமார் 53.45, மொத்தம் 374.1. இதை 409.6இலிருந்து கழித்தால் 8ஆவது இயந்திரத்துக்கு மட்டும் சுமார் 35.5 மணி. "8க்குப் பிறகு கற்றல் நின்றுவிடும்" என்று கணக்கில் வந்தால், 9ஆவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இந்த 35.5தான் போட வேண்டும், 51.2 அல்ல. தேர்வில் நிறைய பேர் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

தேர்வில் 80% என்று கொடுத்துவிடுகிறார்கள். வேலையில் அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும், எனக்கு அடி விழுந்தது அங்கேதான். கண்ட்ரோல் பேனல் பொருத்தும் வேலைக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருந்தேன். எண்களை உங்கள் கணக்கோடு ஒத்துப்போகும்படி மாற்றிச் சொல்கிறேன். முதல் பேனல் 100 மணி, இரண்டாவது 60 மணி. சராசரி 80, ஆகவே விகிதம் 80% என்று எழுதி, 5 முதல் 8 வரையிலான பேனல்களுக்கு 153.6 மணி கொடுத்துவிட்டேன். நடந்தது 184 மணி.

பிறகு முதல் பேனலின் நேரப் பதிவை எடுத்துப் பார்த்தால், அந்த 100இல் 20 மணி ஒரு உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தது. காத்திருப்பு ஒருமுறை நடந்தது, முடிந்தது. அதில் யாரும் எதையும் கற்கவில்லை. அதை நீக்கினால் முதல் பேனல் 80 மணி, இரண்டாவது 60, சராசரி 70. விகிதம் 70/80, அதாவது 87.5%. 4க்குச் சராசரி 61.25, மொத்தம் 245. 8க்குச் சராசரி சுமார் 53.6, மொத்தம் 428.75. வித்தியாசம் 183.75. தொடக்க நேரத்தைக் குறைத்த பிறகு அடுத்த நான்குக்கான மதிப்பீடு கூடுகிறது பாருங்கள்! முதல் பேனல் வீங்கியிருந்ததால் வளைவு உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரிந்திருக்கிறது.

இதை முன்கூட்டியே பிடித்திருக்கலாம். காத்திருப்பையும் சேர்த்த பதிவின்படி 4 பேனல்களின் மொத்தம் 265 மணி, சராசரி 66.25. அதை 80ஆல் வகுத்தால் 82.8%. முதல் இரட்டிப்பில் 80%, இரண்டாவதில் 82.8% என்று விகிதம் ஏறுகிறது. உண்மையான வளைவில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் அது ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். ஏறிக்கொண்டே போனால், ஒருமுறை மட்டும் நடந்த ஏதோ ஒன்று முதல் இயந்திரத்தின் நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கற்றல் நிற்கத் தொடங்கியிருக்கலாம். எது என்பதை நேரப் பதிவுதான் சொல்லும். அதனால் இப்போதெல்லாம் காத்திருந்தது, வரைபடம் திருத்தியது, கருவி தயார் செய்தது ஆகியவற்றை முதல் பேனலில் தனி வரிகளாக எழுதச் சொல்கிறேன். 4ஆவது முடியும்வரை விகிதம் என்று ஒன்றை யாருக்கும் சொல்வதில்லை.