சொந்த வண்டி, வாடகை இல்லை என்றாலும் சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக் கூடாதா?

கேள்வி: "அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு வைத்திருக்கிறோம். சித்தப்பாவின் குட்டி யானையில் குழந்தைகளையும் சேர்த்து இருபது பேர் போகலாம் என்று இருக்கிறோம். இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வாடகை கிடையாது, சித்தப்பாவே மெதுவாக ஓட்டுவார். பெரியவர்கள் ஜமுக்காளம் விரித்துக் கீழே உட்கார்ந்துகொள்வார்கள். இதில் என்ன தவறு? ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?" – வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: எலும்பு முறிவு மற்றும் விபத்து சிகிச்சை அறுவை மருத்துவர்

தயவுசெய்து அந்த வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். ஆட்டையும் அண்டாவையும் அரிசி மூட்டையையும் மட்டும் அதில் அனுப்புங்கள். வாடகை வாங்காதது சட்டப்படி உங்களுக்குத் துணை நிற்காது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21ஆம் விதி, ஓட்டுநர் உரிமத்தைப் பறிப்பதற்குரிய செயல்களுள் ஒன்றாகச் சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவதைச் சொல்லும்போது, அது கட்டணத்துக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான் என்று சேர்த்தே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலின்படி, இதற்காக உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். கட்டணமும் வாங்கினால், அனுமதிச் சீட்டு இல்லாமல் பயணிகள் வாகனம் ஓட்டிய குற்றம் தனியாகச் சேரும்.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்கு உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். குட்டி யானையின் பின்தட்டு ஏறக்குறைய 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. இருபது பேர் ஏறினால் ஆளுக்கு இரண்டு சதுர அடிகூட வராது. ஆகவே பெரியவர்கள் உட்கார்ந்தாலும் இளைஞர்களும் பிள்ளைகளும் நின்றுதான் தீர வேண்டும். பெரியவர்கள் 14 பேர், குழந்தைகள் 6 பேர் என்று கணக்கிட்டால் எடை ஒரு டன்னை நெருங்குகிறது. அந்த வண்டி சுமக்க வேண்டியதோ சுமார் 750 கிலோ. இருந்தாலும் எடையைவிட, அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய கவலை. நெல் மூட்டைகளை அடுக்கினால் அவற்றின் பாரம் தட்டை ஒட்டித் தாழ்வாகவே இருக்கும். நிற்கும் மனிதனின் உடல் எடை அவனது தொப்புள் உயரத்தில் நிலைகொண்டிருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் அது ஐந்தடிக்கு மேல், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிட அதிக உயரம். மேலும், கட்டிவைத்த மூட்டை வளைவில் இடம் மாறாது. மனிதர்கள் வளைவில் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள், வண்டி சாயத் தொடங்கும் அதே பக்கமாக. சித்தப்பா இத்தனை வருடம் அதே வளைவில் மூட்டையோடு பத்திரமாகத் திரும்பியிருப்பார். ஆட்களை ஏற்றிய அன்று அதே வேகத்தில் வண்டி கவிழக்கூடும். அவர் ஓட்டும் திறமை எங்கும் போய்விடவில்லை, அவர் கையில் இருக்கும் வண்டிதான் வேறாகிவிடுகிறது.

2022 ஏப்ரலில் உங்களுக்கு அதிகத் தொலைவில்லாத திருப்பத்தூர் மாவட்டத்தில், புலியூர் கிராமத்தார் ஜவ்வாது மலையில் உள்ள கோயிலுக்கு இப்படித்தான் ஒரு சரக்கு வேனில் புறப்பட்டார்கள். மலைப்பாதையில் வேன் பள்ளத்தில் விழுந்ததில் 11 பேர் இறந்துபோனார்கள்.

பேருந்து கவிழும்போதும் மனிதர்கள் அடிபடுகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். பின்தட்டில் மனிதனைப் பிடித்து நிறுத்த இருப்பது ஓரடி உயரப் பக்கப்பலகை மட்டுமே. அது மூட்டை சரியாமல் இருப்பதற்கான உயரம். நிற்பவருக்கு முழங்காலைக்கூட எட்டாது. அந்த உயரம் அவரைத் தடுப்பதற்குப் பதிலாக இடறித்தான் விடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு ஒரு மரத்திலோ சாலைக் கல்லிலோ மோதுவது, சுமார் 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். "மெதுவாகத்தான் போனோம்" என்று என்னிடம் சொல்லாத குடும்பமே இல்லை, 40ஐத்தான் அவர்கள் மெது என்கிறார்கள்.

இவ்வாறு எறியப்பட்டவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது தலைக்காயம். குழந்தைகளுக்கு உடலோடு ஒப்பிடத் தலை கனமானது என்பதால் அவர்கள் பெரும்பாலும் தலைகுப்புறவே விழுகிறார்கள். அடுத்தது வண்டிக்கு அடியில் சிக்குவது. வண்டி கவிழும் பக்கமாகத்தான் ஆட்களும் விழுகிறார்கள், பின்னாலேயே வண்டியும் அவர்கள் மேல் வருகிறது. மார்பின் மேல் பலகை அழுந்தினால், ஓர் எலும்புகூட முறியாமலேயே மூச்சுவிட முடியாமல் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இடுப்பெலும்பு நசுங்கினால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. வயிற்றுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். எழுந்து நடந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, ஒரு மணி நேரத்தில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வண்டியிலிருந்து எறியப்பட்ட எவரையும், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே சொன்னாலும், மருத்துவமனைக்கு அழைத்துவரச் சொல்கிறோம்.

வண்டி கவிழாமலேயே நேரும் காயங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பக்கப்பலகையை ஒட்டி உட்கார்ந்து அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு போவது எல்லோருக்கும் வழக்கம். குறுகிய சாலையில் எதிரே வரும் லாரி உரசும்போது அந்த ஒரு கை மட்டும் அகப்பட்டுக்கொள்கிறது. மூட்டு நொறுங்குவதோடு, தோலும் சதையும் கையுறையைக் கழற்றுவது போல உரிந்து வந்துவிடும். கான்கிரீட் வேலைக்குப் போன ஒரு இளைஞரின் கையை ஐந்து அறுவைக்குப் பிறகு காப்பாற்றினோம். கை இருக்கிறது, மடங்கவில்லை.

நீங்கள் சொல்லும் ஜமுக்காளத்துக்கு வருகிறேன். நிற்பதைவிட உட்கார்வது விழுவதற்கு எதிராக ஓரளவு பாதுகாப்புதான், ஆனால் முதுகெலும்புக்கு அப்படி இல்லை. சரக்கு வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்குவதற்காக விறைப்பாகச் செய்யப்பட்டவை. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது தட்டின் பின்முனை சாட்டை போல மேலே அடிக்கிறது. கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு முழங்காலும் இடுப்பும் மடங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ள வழியில்லை, அது நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. வளைகாப்புக்குப் போய்த் திரும்பிய ஐம்பது வயது அம்மா ஒருவர், பின்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர், ஒரு வேகத்தடையில் துள்ளி அதே இடத்தில் விழுந்தார். வண்டியில் வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. விலாவும் இடுப்பும் சேரும் இடத்து முள்ளெலும்பு நொறுங்கி, அதன் சில்லு ஒன்று நரம்பின் மேல் குத்தியிருந்தது. உடன் வந்தவர்கள் அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மடக்கி, ஆட்டோவில் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். வண்டியில் இருக்கும்போது கால் விரல் அசைந்ததாம், எங்களிடம் வந்தபோது அசையவில்லை. இன்று வரை சிறுநீர் தானாக வெளியேறுவதில்லை, குழாய்தான். முதுகுவலியோ கால் மரத்துப்போவதோ இருந்தால் 108க்கு அழைத்துவிட்டு, அவரை இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். தீ போன்ற ஆபத்து இருந்து நகர்த்தியே ஆக வேண்டுமானால், தலை, முதுகு, கால் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு ஒரு பலகையில் வைத்து நான்கு பேராகத் தூக்குங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிய உங்கள் கேள்விக்கு, ஊன சதவீதம் சொல்வதற்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் பலமுறை சாட்சியம் அளித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சரக்கு வாகனத்தின் காப்பீடு சாலையில் போகும் மூன்றாம் நபரைக் காக்கும். வண்டியில் சும்மா ஏறி வந்தவரைக் காக்காது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டுமே உள்ளே சேர்த்தது. ஆஷா ராணி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் மற்ற பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்த்தது. "அண்டாவும் ஆடும் எங்களுடையதுதானே, நாங்களும் சரக்கின் உரிமையாளர்கள்தானே" என்ற வாதமும் நிற்காது. அந்த உரிமையாளரும் ஓட்டுநர் அறையில் பயணம் செய்திருக்க வேண்டும் என்று 2007இல் வந்த தீர்ப்பு சொல்லிவிட்டது. சில வழக்குகளில், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் ஆணையிடுவது உண்டு. அப்போதும் கடைசியில் கொடுப்பவர் சித்தப்பாதான். அவருடைய வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்துதான் அந்தத் தொகை வரும். அடிபட்டவர் அவர் மீதே வழக்குப் போட வேண்டும். உறவுக்காரர் மீது எப்படிப் போடுவது என்று தயங்கி, ஒரு ரூபாயும் வாங்காமல் நகையை விற்று மருத்துவம் பார்த்த குடும்பங்களையே நான் அதிகம் பார்த்தேன். தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும். முதுகுத்தண்டு அடிபட்டவரின் செலவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆட்களுக்கு ஒரு பயணிகள் வேனையோ மினி பஸ்ஸையோ பேசுங்கள், அல்லது அரசுப் பேருந்துப் பணிமனையில் ஒப்பந்தப் பேருந்து கேட்டுப் பாருங்கள். வேன் பேசும்போது மஞ்சள் நம்பர் பலகையைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள், சரக்கு வண்டிக்கும் அதே மஞ்சள் பலகைதான். பதிவுச் சான்றில் வாகனத்தின் வகையும் இருக்கை எண்ணிக்கையும் எழுதியிருக்கும். பதிவெண்ணை mParivahan செயலியில் போட்டாலும் வகை தெரிந்துவிடும். அதில் Goods Carrier என்று வந்தால், பின்னால் நீளப் பலகை போட்டு மேலே தார்ப்பாய்க் கூண்டு கட்டியிருந்தாலும் அதில் ஏற வேண்டாம். அந்தப் பலகை வண்டியோடு பிணைக்கப்பட்டது அல்ல, கவிழும்போது அதுவும் ஆட்களோடு சேர்ந்து பறக்கும். சித்தப்பா கிடாவையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் முன்னதாகக் கிளம்பட்டும். சமையலுக்கு உடன் போகும் ஒருவர் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போகலாம்.