சிந்தனைக்கு 70 மார்க் வைத்தும் அழகான டிசைனே ஜெயிப்பது ஏன்?

"எங்கள் பிராண்டிங் வேலைக்கு மூன்று ஏஜென்சிகள் ப்ரொபோசல் கொடுத்திருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் சிந்தனைக்குத்தான் அதிக மார்க். ஆனாலும் பழைய வேலைகளின் மாதிரிகள் அழகாக இருக்கிற ஏஜென்சியே முதலில் வருகிறது. எங்கே தவறுகிறோம்?"

எந்தத் தலைப்புக்கு எவ்வளவு மார்க் என்பது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. அந்தத் தலைப்பில் ஏஜென்சிகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் விழுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நான் உதவிக்குப் போன ஒரு தேர்வுக் குழுவில் இதை அப்படியே பார்த்தேன். சிறிய மருத்துவமனைகளுக்கு மருந்து இருப்புக் கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் அது. சிந்தனைக்கு 70, மாதிரிகளுக்கு 20, விலைக்கு 10 என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஐந்துக்கு மதிப்பிட்டார்கள்.

சிந்தனையில் மூன்று பேருக்கும் 4 விழுந்தது. எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், யாருக்கும் குறைத்துப் போட மனம் வரவில்லை. மாதிரிகளில் மட்டும் முதல் ஏஜென்சிக்கு 5, மற்ற இருவருக்கும் 3. விலையில் மூவரும் 3. ஆக முதல் ஏஜென்சிக்கு 56 + 20 + 6 = 82, மற்றவர்களுக்கு 56 + 12 + 6 = 74. எழுபது மார்க் இருந்த தலைப்பு யாரையும் பிரிக்கவே இல்லை. இருபது மார்க் தலைப்பு தனியாக நின்று முடிவெடுத்தது.

இந்த நிலையில் சிந்தனையின் மார்க்கை 80 ஆக்கினாலும் வரிசை மாறாது. அதற்குப் பதிலாக, சிந்தனையில் 1, 3, 5 என்றால் என்ன என்பதை ப்ரொபோசல்களைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நாங்கள் எழுதியது இது: நாம் சொன்ன பிரச்சினையை நம் வார்த்தைகளிலேயே திருப்பிச் சொன்னால் 1. அந்தப் பிரச்சினைக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, செய்யப்போகும் வேலையை அந்தக் காரணத்தோடு இணைத்தால் 3. நாம் சொன்னதில் உள்ள ஓட்டையையும் காட்டி, தங்கள் கருத்து தவறாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்போம் என்றும் சொன்னால் 5. நடுவில் விழுபவர்களுக்கு 2, 4.

இதை வைத்துத் திரும்பப் படித்தபோது முதல் ஏஜென்சியின் "நவீனமான, துடிப்பான, நம்பிக்கை தரும் அடையாளம்" என்ற பத்தியில் காரணம் என்று எதுவும் சரியாக இல்லை. பெயரை மாற்றிப் போட்டால் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். அதற்கு 2. இரண்டாவது ஏஜென்சி நேராகச் சொல்லியிருந்தது: "புதிய வாடிக்கையாளர் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் இரண்டாம் ஆண்டில் விலகுபவர்கள்தான் அதிகம். விலகியவர்களிடம் முதலில் பேசுவோம். காரணம் மென்பொருளில் இருந்தால் லோகோ வேலையைத் தள்ளிப்போடச் சொல்வோம்." தனக்கு வரும் பணமே தள்ளிப்போகலாம் என்று தெரிந்தும் எழுதிய வரி அது. அதற்கு 5. மூன்றாவதற்கு 3. கணக்கு 54, 88, 60 என்று மாறியது. மாதிரிகளின் மார்க்கையும் விலையின் மார்க்கையும் யாரும் தொடவில்லை.

அப்புறம், படிக்கும் வரிசை. ஒரு நல்ல குணத்தைப் பார்த்ததும் மற்ற குணங்களையும் நல்லதாகவே மதிப்பிடும் பழக்கத்துக்கு உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே 'ஹாலோ' விளைவு என்று பெயர் வைத்தார். படங்களை முதலில் பார்த்தால் எழுத்தும் ஆழமாகத் தெரியும். அதனால் ஒருவர் எழுத்துப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, ஒரே எழுத்துருவில், ஏஜென்சி பெயர் இல்லாமல் குழுவுக்குக் கொடுக்கட்டும். எல்லாரும் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்படைத்த பிறகே மாதிரிகளைத் திறக்க வேண்டும். பேச்சு அதற்கும் பிறகு. தலைவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களின் மார்க் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

மாதிரிகளிலும் சிந்தனையைத் தேடலாம். "இந்த வேலையில் நீங்கள் கைவிட்ட ஒரு வடிவத்தைக் காட்டுங்கள், ஏன் கைவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். வேலையை யோசித்துச் செய்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும். ஆனால் பதில் சொல்பவர் உங்கள் வேலையைச் செய்யப் போகிறவராக இருக்க வேண்டும். விற்பனைக்கு வந்து பேசிவிட்டுப் போகிறவர் சொன்னால் போதாது.

இதற்காக மாதிரிகளை ஒதுக்கிவிடாதீர்கள். நன்றாக யோசித்து மோசமாக வரைகிற ஏஜென்சியும் உண்டு. மாதிரிகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் வையுங்கள். ஐந்துக்கு 3 வாங்காதவர் சிந்தனையில் எவ்வளவு வாங்கினாலும் வெளியே. பொருளின் உறை வடிவமைப்பு மட்டுமே வேலை என்றால் மாதிரிகளுக்கு 40 வரை கொடுப்பதும் நியாயம்தான், அங்கே கைவேலையே பெரும்பகுதி.

முதல் இருவருக்கும் இடையே ஐந்து மார்க்குக்குள்தான் வித்தியாசம் என்றால் அதைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரையும் தனித்தனியாக ஒரு மணி நேரம் அழைத்து, ப்ரொபோசலில் இல்லாத ஒரு புதிய தகவலைக் கொடுத்து, அவர்கள் திட்டத்தில் எது மாறும் என்று கேளுங்கள். இலவசமாக லோகோ வரைந்து காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் தொழிலை விசாரிக்காமல் வரைந்ததை மதிப்பிட வேண்டிவரும், போட்டி மறுபடியும் படங்களுக்குள்ளேயே போய்விடும்.